கன்சல்டன்ட் யார் பக்கம்?

கன்சல்டன்சியிலிருந்து வேலைக்கான அழைப்பு வந்தால், அறிமுகம் முடிந்ததும் மூன்று கேள்விகள் வரும். இப்போது சிடிசி எவ்வளவு? எதிர்பார்ப்பு எவ்வளவு? நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? பேருந்தில் நின்றுகொண்டோ, சாப்பாட்டு இடைவேளையிலோ நாம் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறோம். சம்பளப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்று நினைப்போம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது. நாம் சொன்ன எண்கள் ஓர் எக்ஸெல் அட்டவணையில் நம் பெயருக்கு நேரே ஏறி, பயோடேட்டாவுடன் நிறுவனத்தின் எச்.ஆர். துறைக்குப் போய்ச் சேர்கின்றன.

நடுவில் நிற்கும் அந்த மனிதர் யாருக்காகப் பேசுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள, அவருக்குப் பணம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நேர்மையான கன்சல்டன்சி வேலை தேடுபவரிடம் காசு வாங்குவதில்லை. ஆள் எடுக்கும் நிறுவனம்தான் கட்டணம் தருகிறது. அது பெரும்பாலும் வேலைக்குச் சேர்பவரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது, அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆள் கிடைக்காத வேலைகளுக்கும் மேல்மட்டப் பதவிகளுக்கும் இது கூடும். தலைமைப் பதவிகளுக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு, முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் கேட்பதுண்டு.

இதைக் கேட்டதும் மனதில் ஒரு நிம்மதி வரும். என் சம்பளம் ஏற ஏற அவருக்கும் கமிஷன் ஏறுகிறது, அப்படியானால் எனக்காக அவர் நன்றாகப் பேசுவார் என்று தோன்றும். திசை சரிதான். ஆனால் எவ்வளவு தூரம் வருவார் என்பதுதான் கேள்வி. அதற்கு ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு ஆண்டு அனுபவம். இப்போதைய சிடிசி 14 லட்சம். கன்சல்டன்சி வழியாக வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் முடிந்து, 18 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கவிதாவுக்கு 20 வேண்டும்.

18 லட்சத்தில் முடிந்தால் கன்சல்டன்சிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சம். 20 லட்சத்தில் முடிந்தால் அதைவிட 16,660 ரூபாய் கூடுதல். கவிதாவுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம், அதுவும் ஒவ்வோர் ஆண்டும். கன்சல்டன்சிக்கு ஒரே ஒரு முறை 16,660. அதிலும் நம்மோடு தொலைபேசியில் பேசுகிற அந்த இளைஞருக்கு ஊக்கத்தொகையாக வருவது அதில் ஒரு சிறு பங்குதான்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 20 கேட்டு நிறுவனம் எரிச்சலடைந்து, பட்டியலில் அடுத்து இருப்பவரை எடுத்துக்கொண்டால் கன்சல்டன்சிக்குப் போவது மொத்த ஒன்றரை லட்சமும்தான். அந்த அடுத்த ஆளை வேறொரு கன்சல்டன்சி அனுப்பியிருக்கலாம். பேச்சு முறிய பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலே, கூடுதலாகக் கேட்பதால் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்கு மேல் ஆபத்து இருப்பதாக அவருக்குத் தோன்றினால், 18க்கே முடித்துவிடுவதுதான் அவருக்கு நல்லது. "மேடம், இதுவே நல்ல ஆஃபர், மார்க்கெட் இப்போ சரியில்லை" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் கணக்கில் அது உண்மைதான்.

சதவீதக் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சாய்வு உண்டு. பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் சுமார் ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுத் தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர்களின் அதே போன்ற வீடுகளுக்குக் கிடைத்ததைவிட 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றிருந்தார்கள். அதற்காக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். விலை ஏறினால் கமிஷனும் ஏறும்தான். ஆனால் பிறர் வீட்டுக்காகக் காத்திருக்கும் அளவுக்கு அது ஏறுவதில்லை.

இவ்வளவு சொன்னதால் கன்சல்டன்ட் நமக்கு எதிரி என்று ஆகிவிடாது. அவருக்குப் பெரிதாக வேண்டியது வேறொன்று. அதை அறிந்துகொண்டால் அவரே நமக்காக முழு மூச்சோடு பேசுவார்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கன்சல்டன்சிக்குப் பணம் வந்துவிடாது. நாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் அவர்கள் நிறுவனத்துக்கு இன்வாய்ஸ் அனுப்ப முடியும். பணம் வர இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். இதோடு ரீப்ளேஸ்மென்ட் ஷரத்து என்று ஒன்று இருக்கும். சேர்ந்தவர் குறிப்பிட்ட நாட்களுக்குள், பல ஒப்பந்தங்களில் 90 நாட்களுக்குள், விலகிவிட்டால் கட்டணமில்லாமல் வேறு ஆளைத் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நம் ஊரில் பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம். இந்த மூன்று மாதத்தில்தான் கன்சல்டன்ட்டின் வயிற்றில் புளி கரைகிறது. கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு அடுத்த ஆஃபரைத் தேடுகிறவர்கள் நிறைய. பழைய நிறுவனமே சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து நிறுத்திக்கொள்வதும் உண்டு. சேர வேண்டிய நாளன்று காலையில் தொலைபேசியை அணைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் "ராஜினாமா மெயில் போட்டுட்டீங்களா சார்? ஏத்துக்கிட்டாங்களா? ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்களேன்" என்று வாரந்தோறும் அழைப்பு வருகிறது. நமக்கு அது தொந்தரவாகத் தெரியும். அவருக்கோ அந்த ஒன்றரை லட்சம் அதில்தான் தொங்குகிறது.

ஆகவே கன்சல்டன்ட்டிடம் பேசும்போது நம் கையில் இருக்கும் விலையுள்ள பொருள், 'நான் நிச்சயம் சேர்வேன்' என்கிற உறுதி. கூடுதல் கமிஷனுக்காக அவர் எச்.ஆரோடு மல்லுக்கட்ட மாட்டார். இந்த உறுதிக்காகக் கட்டுவார். பலர் இதை முதல் பேச்சிலேயே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். "எனக்கு இந்தக் கம்பெனிதான் சார் வேணும், 17 கொடுத்தாக்கூட வந்துடுவேன்" என்று மனம்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். கன்சல்டன்ட்டின் வாடிக்கையாளர் நிறுவனம்தான். எச்.ஆர். அவரிடம் "எவ்வளவுக்கு வருவாங்க?" என்று நேராகக் கேட்டால், நாம் சொன்னதை மறைக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. குறைந்தபட்சம் எவ்வளவு என்பதை நம் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அவரிடம் சொல்லக்கூடாது.

அதற்காகப் பொய்யும் சொல்லக்கூடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2018 முதல், வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதையே சட்டம் தடை செய்திருக்கிறது. அங்கே நடுவில் இருக்கும் ஏஜென்ட் மூலமாகவும் கேட்கக்கூடாது. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஃபார்ம் 16 கேட்பார்கள், சில இடங்களில் பி.எஃப். பாஸ்புக்கையும் பார்ப்பார்கள். 14 லட்சத்தை 16 என்று ஏற்றிச் சொன்னால் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி, ராஜினாமா செய்த பிறகு ஆஃபர் ரத்தாகும் நிலை வரலாம். இப்போதைய சம்பளத்தைச் சரியாகச் சொல்லலாம். எதிர்பார்ப்பை மட்டும் உடனே சொல்லாமல், "இந்தப் பதவிக்கு அவங்க பட்ஜெட் எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்கலாம். எச்.ஆர். ஒரு வரம்பு சொல்லித்தான் பெரும்பாலும் கன்சல்டன்சியிடம் வேலையைக் கொடுத்திருப்பார். கேட்காதவர்களுக்கு அது சொல்லப்படுவதில்லை. கேட்டால், முழுதாக இல்லாவிட்டாலும், "இருபது வரைக்கும் போகலாம் மேடம்" என்கிற அளவுக்காவது பல நேரம் வாயிலிருந்து வந்துவிடும். இந்தத் தகவலுக்காகவே கன்சல்டன்சி வழியாகப் போவது நல்லது என்பது என் எண்ணம். நேராக எச்.ஆரிடம் இதைக் கேட்டுப் பெறுவது கடினம்.

பேசியது எதுவாக இருந்தாலும், அட்டவணையில் நம் பெயருக்கு நேரே என்ன எண் எழுதப்பட்டது என்பதையும் கேட்டுக்கொள்வது முக்கியம். "எதிர்பார்ப்பு 20 என்று பேசியபடி அனுப்பினீர்களா, உறுதி செய்யுங்கள்" என்று ஒரு வரி மெயில் போதும். பட்டியலில் மற்றவர்களைவிட விலை கூடுதலாகத் தெரியக்கூடாது என்று நம்மைக் கேட்காமலே 18 என்று போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. கடைசியில் நாம் 20 என்று பேசும்போது, "முதலில் 18 என்றீர்களே" என்று எச்.ஆர். முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இனி கவிதாவின் ஆஃபரைப் பிரித்துப் பார்ப்போம். கன்சல்டன்ட் சொல்வது 18 லட்சம் என்கிற ஒரே எண். அதற்குள் இரண்டு லட்சம் வேரியபிள், அதாவது நிறுவனமும் அவரும் நன்றாகச் செய்தால் ஆண்டு முடிவில் வரக்கூடியது. பழைய வேலையில் வேரியபிள் கிடையாது. இரண்டு இடத்திலும் அடிப்படைச் சம்பளம் சிடிசியில் பாதி, அதன் மேல் முழுதாக 12 சதவீதம் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதமான கிராஜுவிட்டியும் சிடிசிக்குள்ளேயே அடக்கம்.

பழைய 14 லட்சத்தில் இவற்றையெல்லாம் கழித்து, கவிதாவின் பங்கு பி.எஃப்.பையும் எடுத்துவிட்டால், வருமான வரிக்கு முன் மாதம் கைக்கு வருவது சுமார் 99,900 ரூபாய். புதிய 18 லட்சத்தில் அதே முறையில் கணக்கிட்டால் சுமார் 1,11,700. சிடிசி நான்கு லட்சம் ஏறியிருக்கிறது, கிட்டத்தட்ட 29 சதவீத உயர்வு. மாதக் கையிருப்பிலோ 12,000 ரூபாய்கூட ஏறவில்லை. கூடுதலாகச் சொல்லப்பட்ட நான்கு லட்சத்தில் பாதி வேரியபிளாக நிற்கிறது, மீதியில் ஒரு பங்கு பி.எஃப். கணக்குக்குப் போகிறது. பி.எஃப். நம் பணம்தான், அதில் குறையில்லை. வேரியபிள் அப்படி இல்லை. அது முழுதாக வருமா, பாதி வருமா என்பது ஆண்டு முடிவில்தான் தெரியும்.

கமிஷன் மொத்த சிடிசியின் மேல் கணக்கிடப்பட்டால், பெரிய எண்ணாகத் தெரிவது கன்சல்டன்ட்டுக்கும் வசதி, "இவ்வளவு தருகிறோம்" என்று காட்ட எச்.ஆருக்கும் வசதி. உள்ளே எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டியவர் கவிதா ஒருவர்தான். சில ஒப்பந்தங்களில் வேரியபிளையும் ஜாயினிங் போனஸையும் விட்டுவிட்டு, நிலையான சம்பளத்தின் மேல் மட்டும் கமிஷன் தருகிறார்கள். அப்படியானால் நிலையான பகுதியைக் கூட்டிக் கேட்பதில் கன்சல்டன்ட்டுக்கும் நேரடி அக்கறை வந்துவிடுகிறது. "உங்க ஃபீஸ் எதன் மேல கணக்கு? ஃபிக்ஸட் மட்டுமா, மொத்த சிடிசியா?" என்று கேட்பதில் தவறே இல்லை. பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். சிலர் "ரெக்ரூட்டர் ஃபீஸ் கொடுக்கிறதால அவங்களால அதிகம் தர முடியாது" என்று சொல்வதும் உண்டு. பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் செலவு ஒரு கணக்கு, சம்பளம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கல்லாவிலிருந்து எடுக்கும் சிறு நிறுவனங்களில் மட்டும் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கவிதா 20 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அவர் கன்சல்டன்ட்டிடம் இப்படிப் பேசலாம்:

"சார், வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு லட்சம் வேரியபிள்னா, மாசம் பன்னிரண்டாயிரம் கூட ஏறலை. அதுக்காக எட்டு வருஷம் இருந்த இடத்தை விட்டு வர முடியாது. மொத்தம் பத்தொன்பது, அதுல வேரியபிள் ஒரு லட்சம் மட்டும்னு மாத்தித் தந்தாங்கன்னா, லெட்டர் வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டு, மறுநாள் ராஜினாமா கொடுத்துடறேன். வேற இன்டர்வியூ எதுக்கும் போக மாட்டேன்."

"கேட்டுப் பார்க்கிறேன் மேடம். பத்தொன்பது வராம பதினெட்டரை வந்தா?"

"இப்போ அதுக்குப் பதில் சொல்ல முடியாது சார். பத்தொன்பதுன்னா உறுதி. அதை அப்படியே எச்.ஆர்.கிட்ட சொல்லுங்க."

கவிதா கேட்டதில் ஒரு லட்சம்தான் புதிய பணம். இன்னொரு லட்சம் ஏற்கெனவே தருவதாகச் சொன்னதுதான், இடம் மட்டும் மாறுகிறது. சம்பள வரம்பு இடிக்கும்போதும் எச்.ஆர். ஒப்புக்கொள்ள வாய்ப்புள்ள கோரிக்கை இது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னதால் கன்சல்டன்ட் அதை அப்படியே எடுத்துச் சொல்ல முடிகிறது. கடைசியாக, நாளோடு சேர்ந்த ஓர் உறுதியை அவர் கையில் கொடுத்திருக்கிறார். அங்கே போய் "மேடம் வந்துடுவாங்க, நான் பொறுப்பு" என்று சொல்ல அவருக்கு அதுதான் வேண்டும். நடுவில் 'பதினெட்டரை வந்தால்' என்று கேட்டது தூண்டில் போட அல்ல, அது அவர் வேலை. அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது நம் வேலை.

அப்படியே 19 லட்சத்தில் முடிந்தால் கவிதாவுக்கு மாதம் கைக்கு வருவது சுமார் 1,27,200 ரூபாய். முதலில் சொன்ன ஆஃபரைவிட மாதம் 15,500 ரூபாய் கூடுதல். கன்சல்டன்சிக்கு இதனால் வந்த கூடுதல் 8,330 ரூபாய், ஒரே ஒரு முறை. அதற்காக அவர் இவ்வளவு பேசியிருக்க மாட்டார். ஒன்றரை லட்சம் கை நழுவாமல் இருக்கத்தான் பேசினார்.

உறுதி கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே துறையில் ஆள் எடுப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு வேறு ஆஃபரைக் காட்டி மறுபடி ஏலம் போடுகிறவரின் பெயர் அந்த வட்டத்தில் வெகுகாலம் நிற்கும்.

கன்சல்டன்ட்டைத் தாண்டி நேராக எச்.ஆரிடம் பேசலாமா என்று பலர் கேட்பார்கள். அவரைக் கழற்றிவிட்டால் அந்தப் பணம் நமக்கு வரும் என்று நினைத்தால் அது நடக்காது. பயோடேட்டாவை முதலில் அனுப்பியவருக்குக் குறிப்பிட்ட மாதங்கள் வரை உரிமை என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இதே காரணத்தால் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கன்சல்டன்சி வழியாகப் போகக்கூடாது. யாருக்குக் கமிஷன் என்ற தகராறு வேண்டாம் என்று நிறுவனம் நம் பயோடேட்டாவையே ஒதுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'அனுப்பலாம்' என்று தனித்தனியாக மெயிலில் சம்மதம் கொடுப்பது நல்லது. நேரடிப் பேச்சு தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. நாம் சொன்னது எச்.ஆர். காதுக்குச் சரியாகப் போகவில்லை என்று தெரிந்தால், அதாவது நாம் கேட்ட பிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் 'முடியாதாம்' என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தால், கன்சல்டன்ட்டையும் சேர்த்து மூவரும் பேசும் அழைப்பு ஒன்றைக் கேட்கலாம். அவரை ஒதுக்காமல் கேட்பதால் வருத்தம் வராது.

தொலைபேசியில் "ஓகே ஆயிடுச்சு மேடம், பேப்பர் போட்டுடுங்க" என்று சொல்லும் கட்டத்தில்தான் பலர் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள். திருத்திய ஆஃபர் லெட்டர் நிறுவனத்தின் மெயில் முகவரியிலிருந்து வந்து, அதில் வேரியபிள் ஒரு லட்சம் என்று பிரித்து எழுதியிருப்பதைப் பார்க்கும்வரை ராஜினாமா கொடுக்கக்கூடாது. "அதெல்லாம் ஆறு மாசத்துல ரிவைஸ் பண்ணிடுவாங்க" என்பது கன்சல்டன்ட் கொடுக்கக்கூடிய வாக்குறுதி இல்லை. அப்போது அவர் அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பாரா என்பதே தெரியாது. ஜாயினிங் போனஸ் கொடுத்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பொருந்துவது, நிறுவனத்தின் நிரந்தர வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகளுக்குத்தான். கல்லூரி முடித்துக் கும்பலாகச் சேர்க்கும் இடங்களில் சம்பளம் முன்பே முடிவான ஒரே எண்ணாக இருக்கும். அங்கே யார் பேசியும் பயனில்லை. ஒப்பந்த ஊழியராக எடுக்கும் இடத்தில் கணக்கே தலைகீழாகிவிடுகிறது. அங்கே நாம் கன்சல்டன்சியின் பேரோலில் இருப்போம். வேலை செய்யும் நிறுவனம் நமக்காக மாதம் ஒன்றரை லட்சம் பில் கட்டும். அதில் நமக்கு ஒரு லட்சம் கொடுத்தால் மீதி கன்சல்டன்சிக்கு. நம் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏறினால் அவர்கள் லாபத்தில் அது குறையும். அதே கனிவான குரல், அதே மூன்று கேள்விகள்தான் அங்கும். ஆகவே சிடிசி எவ்வளவு என்று அவர் கேட்பதற்கு முன்பே, "இது யாரோட பேரோல் சார், கம்பெனியோடதா, உங்களோடதா?" என்று நாம் கேட்டுவிட வேண்டும். பதில் 'எங்களோடது' என்றால், எதிர்பார்ப்பை உயர்த்தியே தொடங்குங்கள். நிறுவனம் எவ்வளவு பில் கட்டுகிறது என்பதையும் விடாமல் கேளுங்கள்.